கைதாகும் முதல் மணித்தியாலங்கள்: காரணம் கேட்பதும் சட்டத்தரணியைக் கேட்பதும்

2007 மே 1 ஆம் திகதி மெல்பேர்ணில் தமிழர் இருவரை அவுஸ்திரேலிய மத்திய பொலிஸார் கைதுசெய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் சிட்னியில் மூன்றாமவர் கைதானார். பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளோடு தொடங்கிய அந்த வழக்கில் அந்தக் குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. ஐக்கிய நாடுகள் சாசனம் தொடர்பான அவுஸ்திரேலியச் சட்டத்தின் கீழ் வந்த வேறு குற்றங்களையே மூவரும் ஒப்புக்கொண்டார்கள். 2010 மார்ச் 31 அன்று விக்ரோறியா உயர் நீதிமன்ற நீதிபதி கோக்லன் தண்டனையை அறிவித்தபோதும், நன்னடத்தைப் பிணையில் அவர்களை வீட்டுக்கே அனுப்பினார். அந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் வீடுகளில் அடிக்கடி எழுந்த கேள்வி ஒன்றுண்டு: "எங்களைப் பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?" கேள்வி பயங்கரவாத வழக்குகளுக்கு மட்டும் உரியதல்ல. வாகன விபத்து, வீட்டுச் சண்டை, கடையில் தகராறு, பிள்ளையின் பள்ளித் தோழனோடு கைகலப்பு என்று எதிலிருந்தும் அது தொடங்கலாம்.

இலங்கையிலிருந்து வந்த எங்களுக்குக் கைது என்ற சொல்லே ஒரு நினைவைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அங்கும் கைதுசெய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், அமைச்சரின் கட்டளையில் 18 மாதங்கள் வரை தடுத்துவைக்கவும், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே நீதிமன்றத்தில் சான்றாக்கவும் இடம் கொடுத்தது. அதனால் எங்களில் பலர் பொலிஸைக் கண்டால் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். அல்லது எதிர்த்து நிற்கிறோம். அவுஸ்திரேலியச் சட்டம் இரண்டையும் எங்களிடம் எதிர்பார்க்கவில்லை. அது தரும் உரிமைகளில் முக்கியமானவை, கைதானவர் வாய்திறந்து கேட்டால்தான் வேலை செய்யும். இந்தக் கட்டுரை அந்தக் கேட்டலைப் பற்றியது. இது பொதுத் தகவல்; ஒருவருடைய வழக்குக்கு அவருடைய சட்டத்தரணியே ஆலோசனை சொல்ல வேண்டும்.

யார் கைதுசெய்கிறார்கள்?

அவுஸ்திரேலியாவில் நாடு முழுவதற்குமான உரிமைச் சாசனம் கிடையாது. கைதானவரின் உரிமைகள் சாதாரணச் சட்டங்களில் எழுதப்பட்டிருக்கின்றன, அவை இடத்துக்கு இடம் மாறுகின்றன. சிட்னியில் மாநிலப் பொலிஸார் கைதுசெய்தால் 2002 ஆம் ஆண்டின் பொலிஸ் அதிகாரங்கள், பொறுப்புகள் பற்றிய நியூ சவுத் வேல்ஸ் சட்டம் பொருந்தும். மெல்பேர்ணில் விக்ரோறியாவின் 1958 ஆம் ஆண்டுக் குற்றங்கள் சட்டம் பொருந்தும். மத்திய அரசின் குற்றங்கள் என்றால், எந்த நகரமானாலும், 1914 ஆம் ஆண்டின் மத்திய குற்றங்கள் சட்டம் பொருந்தும்.

வேறுபாடு பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் தெரியும். நியூ சவுத் வேல்ஸில் குற்றம் சாட்டாமல் விசாரணைக்காக வைத்திருக்கும் நேரம் 6 மணித்தியாலங்கள். நீதிமன்ற அதிகாரியின் ஆணை பெற்றால் மேலும் 6 மணித்தியாலங்கள் வரை நீட்டலாம். மத்திய சட்டத்தில் வளர்ந்தவருக்கு 4 மணித்தியாலங்கள், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 2 மணித்தியாலங்கள். பாரதூரமான குற்றங்களுக்கு நீதவான் நீட்டிக்கலாம். விக்ரோறியா மணிக்கணக்கு வைக்காமல் "நியாயமான நேரம்" என்று மட்டும் சொல்கிறது. நியூ சவுத் வேல்ஸிலும் மத்திய சட்டத்திலும் பயண நேரம், சட்டத்தரணிக்காகவும் உரைபெயர்ப்பாளருக்காகவும் காத்திருக்கும் நேரம், ஓய்வு நேரம் ஆகியவை கணக்கில் சேரா. ஆகவே "6 மணித்தியாலம் கடந்துவிட்டது, ஏன் விடவில்லை?" என்று குடும்பம் பதறும்போது, சட்டப்படி 3 மணித்தியாலம்தான் கழிந்திருக்கக்கூடும்.

காரணம் என்ன?

மூன்று சட்டங்களுக்கும் பொதுவான முதல் விதி இது: எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தின் 202 ஆம் பிரிவின்படி, அதிகாரி தன் பெயரையும் கடமையாற்றும் நிலையத்தையும் காரணத்தையும் நடைமுறையில் முடிந்தளவு விரைவாகச் சொல்ல வேண்டும். சீருடையில் இல்லாவிட்டால் தான் பொலிஸ் என்பதற்கான சான்றையும் காட்ட வேண்டும். விக்ரோறியாவில் 2006 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சாசனச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, கைதுசெய்யும்போதே காரணத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது.

காரணம் என்றால் சட்டப் பிரிவின் இலக்கம் அல்ல. குற்றத்தின் சாராம்சம் போதும் என்று மத்திய சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. "நேற்று இரவு இன்ன இடத்தில் இன்னாரைத் தாக்கியதாகச் சந்தேகம்" என்பது காரணம். "சில கேள்விகள் கேட்க வேண்டும், வாருங்கள்" என்பது காரணம் அல்ல. கைதானவர் மல்லுக்கட்டியதால் சொல்ல முடியாமற் போனாலும், கையும் களவுமாகப் பிடிபட்டுக் காரணம் வெளிப்படையாக இருந்தாலும் விதி தளரும். ஆகையால் காரணம் கேட்பவர் கையை உதறாமல், உடலை முறுக்காமல் கேட்க வேண்டும்.

காரணம் சொல்லிவிட்டால் மட்டும் கைது சட்டபூர்வமாகிவிடாது. இதற்குச் சிட்னியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2013 டிசம்பர் 22 அன்று ராபின்சன் என்பவர், பொலிஸார் தன்னைத் தேடுகிறார்கள் என்று அறிந்து, நகரின் டே வீதிப் பொலிஸ் நிலையத்துக்குத் தானாகவே போனார். வன்முறைத் தடுப்பு ஆணையை மீறினார் என்ற சந்தேகத்தில் அங்கு அவர் கைதானார். கேள்விகள் கேட்டார்கள், பின்பு குற்றம் சாட்டாமல் விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். கைதுசெய்தபோது குற்றம் சாட்டுவதென்று தான் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பது அதிகாரியின் சாட்சியத்திலேயே வெளிப்பட்டது. 2019 இல் அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அந்தக் கைது சட்டவிரோதமானது என்று தீர்த்தது. நீதவான் முன் கொண்டுபோய்க் குற்றம் சாட்டுவதற்காகவே கைது இருக்கிறது, கேள்வி கேட்பதற்காக மட்டும் கைதுசெய்ய முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். இழப்பீடு 5,000 டொலர்.

தொகை சிறியதுதான். ஆனால் அந்த வழக்கு எதில் தங்கியிருந்தது என்பதைப் பாருங்கள்: கைதான நேரத்தில் அதிகாரியின் மனதில் என்ன இருந்தது, அவர் என்ன சொன்னார். இதனால்தான் "நான் கைதுசெய்யப்பட்டிருக்கிறேனா? எந்தக் குற்றத்துக்காக?" என்ற இரண்டு கேள்விகளையும் அப்போதே கேட்டு, பதிலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "இல்லை, கைது இல்லை" என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி: "அப்படியென்றால் நான் போகலாமா?"

சட்டத்தரணியைக் கேட்பது

இரண்டாவது உரிமைக்கு வருவோம். கேள்வி கேட்கத் தொடங்குமுன், நீங்கள் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ அறிவிக்கவும், சட்டத்தரணியோடு பேசவும் முடியும் என்று பொலிஸார் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டால், அதற்கு நியாயமான நேரம் கொடுத்துக் கேள்விகளைத் தள்ளிப்போட வேண்டும். சட்டத்தரணி நேரில் வருவதற்கு நியூ சவுத் வேல்ஸில் 2 மணித்தியாலங்களுக்கு மேல் காத்திருக்கப் பொலிஸாருக்குக் கடமையில்லை. சட்டத்தரணியோடு பேசுவதை மற்றவர் கேட்காதபடி இடம் தர வேண்டும். கூட்டாளி தப்பிவிடுவார், சான்று அழிக்கப்படும், ஒருவருடைய உயிருக்கு ஆபத்து போன்ற காரணங்களுக்காக இதை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அவை விதிவிலக்குகளே.

இந்த உரிமையில் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் தவறவிடுவது மூன்று.

முதலாவது, கேட்காமலே இருப்பது. "நான் ஒன்றும் செய்யவில்லை, எனக்கு ஏன் சட்டத்தரணி?" என்ற எண்ணம். "வேண்டுமா?" என்று கேட்கும்போது தலையாட்டிவிட்டால் அது விருப்பமின்மை என்று பதிவாகிவிடும். தெளிவாக, ஒலிப்பதிவு நடக்கும்போதே, "சட்டத்தரணியோடு பேச வேண்டும். அதற்கு முன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். பெயரையும் முகவரியையும் கொடுக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் பல உண்டு, அவற்றைக் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றில் மௌனம் உரிமை.

இரண்டாவது, உறவினரோடு பேசும் அழைப்பையும் சட்டத்தரணியோடு பேசும் அழைப்பையும் ஒன்றாக எண்ணுவது. சட்டத்தரணியோடு பேசுவதற்கே சட்டத்தின் இரகசியப் பாதுகாப்பு உண்டு. மனைவியிடம் தமிழில் "என்ன நடந்தது தெரியுமா?" என்று தொடங்கிச் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது பதிவானால் மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது. உறவினருக்குச் சொல்ல வேண்டியது மூன்றுதான்: எங்கே இருக்கிறேன், எந்தக் குற்றம் என்கிறார்கள், எந்தச் சட்டத்தரணியை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தரணி நேரில் வராததை அலட்சியம் என்று நினைப்பது. நியூ சவுத் வேல்ஸில் 2013 முதல் ஒரு சிறப்பு எச்சரிக்கை நடைமுறையில் இருக்கிறது. பாரதூரமான குற்றங்களில், பிறகு நீதிமன்றத்தில் நம்பப்போகும் ஒரு விடயத்தை இப்போது சொல்லாமல் விட்டால் அந்த மௌனம் உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதே அது. ஆனால் அந்த எச்சரிக்கை உங்கள் சட்டத்தரணி நேரில் இருக்கும்போது கொடுக்கப்பட்டால்தான் செல்லும். அதனால் சிட்னியில் அனுபவமுள்ள சட்டத்தரணி நிலையத்துக்கு வராமல் தொலைபேசியிலேயே ஆலோசனை தருவது, உங்களைக் காப்பதற்காகவும் இருக்கலாம். விக்ரோறியாவில் இந்த விதி கிடையாது.

டொக்டர் ஹனீப்பின் 12 நாட்கள்

இந்த உரிமையின் பெறுமதியை 2007 ஜூலையில் நாடே பார்த்தது. இந்திய மருத்துவர் மொஹமட் ஹனீப் ஜூலை 2 அன்று பிறிஸ்பேர்ண் விமான நிலையத்தில் கைதானார். பிரித்தானியாவில் நடந்த தாக்குதல் முயற்சிகளோடு தொடர்புபட்ட உறவினருக்கு அவர் முன்பு தன் சிம் அட்டையைக் கொடுத்திருந்தார். முதலாவது விசாரணையில் அவர் பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. கணக்கில் சேராத நேரத்துக்கு அப்போது பயங்கரவாத வழக்குகளில் உச்சவரம்பு இல்லாததால், சில மணித்தியாலங்களே கேள்வி கேட்கலாம் என்ற சட்டத்தின் கீழ் 12 நாட்கள் குற்றச்சாட்டின்றி வைக்கப்பட்டார்.

ஜூலை 14 அன்று குற்றம் சாட்டப்பட்டது. கிளாஸ்கோவில் எரிந்த வாகனத்தில் அந்தச் சிம் அட்டை கிடைத்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். அது உண்மையல்ல, அட்டை கிடைத்தது லிவர்பூலில். ஜூலை 16 அன்று நீதவான் 10,000 டொலர் பிணை கொடுத்தார். அன்றே குடிவரவு அமைச்சர் அவருடைய விசாவை இரத்துச் செய்தார். பிணை பெற்றவர் தடுப்பிலேயே இருந்தார். அவருடைய பரிஸ்டர் ஸ்டீவன் கைம், பொலிஸ் விசாரணையின் எழுத்துப் பிரதியைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். ஹனீப் உண்மையில் என்ன சொன்னார் என்பது வெளியே வந்தது. ஜூலை 27 அன்று குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. விசா இரத்தையும் சமஷ்டி நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தது. 2010 இல் சட்டம் திருத்தப்பட்டு, பயங்கரவாத வழக்குகளில் அப்படிக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடிய நேரத்துக்கு 7 நாள் எல்லை வந்தது.

எங்களுக்கு இதில் இரண்டு பாடங்கள். விசாரணையின் பதிவு குற்றம் சாட்டுவோருக்கு மட்டும் உரியதல்ல. உங்களுக்கும் அது கவசம். மத்திய சட்டத்தின் கீழ் பதிவின் பிரதியை 7 நாட்களுக்குள் தர வேண்டும், அதைக் கேட்டுப் பெறுங்கள். மற்றது, விசாவில் இருப்பவருக்குப் பிணை என்பது விடுதலை அல்ல. இணைப்பு விசா 'ஈ' வைத்திருக்கும் புகலிடக் கோரிக்கையாளரின் விசாவை, குற்றவாளியாகத் தீர்க்கப்படுமுன், குற்றம் சாட்டப்பட்டதை வைத்தே இரத்துச் செய்ய இடமுண்டு. எனவே சட்டத்தரணியிடம் சொல்லும் முதல் விடயங்களில் ஒன்றாக உங்கள் விசாவின் வகை இருக்கட்டும். குடிவரவுத் தடுப்பில் சட்ட உதவி பெறும் வசதியைக் கேட்டால் தர வேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தின் 256 ஆம் பிரிவு சொல்கிறது. அங்கும் முக்கியமான சொல் "கேட்டால்".

மொழி, துணைத்தூதரகம், பிள்ளைகள்

ஆங்கிலத்தில் கடையில் பேச முடிவதும் பொலிஸ் விசாரணையில் பதில் சொல்வதும் ஒன்றல்ல. தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டிலிருந்து மகனையோ மைத்துனரையோ உரைபெயர்க்க விடாதீர்கள். அவர்கள் பின்பு சாட்சியாகவும் ஆகக்கூடும். உரைபெயர்ப்பாளரின் தமிழ் விளங்கவில்லை என்றால் பதிவிலேயே சொல்லுங்கள்.

அவுஸ்திரேலியக் குடியுரிமை இல்லாதவரிடம், உங்கள் நாட்டின் துணைத்தூதரகத்தோடு தொடர்புகொள்ள வேண்டுமா என்று பொலிஸார் கேட்பார்கள். சாதாரணப் பயணிக்கு இது உதவி. இலங்கை அரசுக்குப் பயந்து வந்தவருக்கு அப்படியல்ல. இது உரிமை, கட்டாயம் அல்ல. "வேண்டாம்" என்று சொல்லலாம். பழக்கதோசத்தில் "ஓம்" சொல்லி, கொழும்பில் இருக்கும் பெற்றோருக்குச் சங்கடம் தேடிக்கொடுக்க வேண்டியதில்லை.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை விசாரிக்கும்போது பெற்றோரோ பாதுகாவலரோ வேறு பொருத்தமான பெரியவரோ உடனிருக்க வேண்டும். அங்கே போகும் தகப்பன் "பொலிஸ் ஐயாவிடம் உண்மையைச் சொல்லடா" என்று அதட்டுவது, சட்டம் அவரை அங்கே இருத்திய நோக்கத்துக்கே எதிரானது. சட்டத்தரணி பேசும்வரை பிள்ளை பேச வேண்டாம் என்பதே அவர் சொல்ல வேண்டியது.

உரிமை மீறப்பட்டால்

அந்த இடத்திலேயே வாதாடி வெல்ல முடியாது. நீதிமன்றத்தில் வெல்லலாம். 2003 நவம்பர் 6 அன்று சிட்னியின் மருத்துவ மாணவர் உல்-ஹக்கை, அவர் ரயிலில் வந்து இறங்கியபோது பிளக்டவுன் நிலைய வாகனத் தரிப்பிடத்தில் அசியோ அதிகாரிகள் மறித்தார்கள். பூங்கா ஒன்றுக்குக் கொண்டுபோய்க் கேள்வி கேட்டார்கள். பிறகு வீட்டுக்குக் கூட்டிச் சென்றார்கள், அங்கும் கேள்விகள் தொடர்ந்தன. கையில் வீட்டைச் சோதனையிடும் ஆணை இருந்தது; அவரைப் பிடித்துவைக்க அதிகாரம் இருக்கவில்லை. பெரிய சிக்கலில் இருக்கிறாய், ஒத்துழைத்தால்தான் வழி என்ற தொனியில் பேசியதால், போக முடியும் என்று அவர் எண்ணவே இல்லை. தொடர்ந்து மத்திய பொலிஸாரும் அவரை விசாரித்தார்கள். அவர் சொன்னவையே வழக்கின் அடித்தளமாயின. 2007 நவம்பரில் நீதிபதி அடம்ஸ், அந்த நடத்தை சட்டவிரோதச் சிறைப்பிடிப்பும் ஆட்கடத்தலும் ஆகும் என்று கூறி, அந்த வாக்குமூலங்களை ஏற்க மறுத்தார். அரச தரப்பு வழக்கைக் கைவிட்டது.

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. முறைகேடாகப் பெற்ற சான்றுகள் எல்லாம் தானாக விலக்கப்படுவதும் இல்லை. நீதிபதி இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்ப்பார், சிறு தவறு என்றால் சான்று உள்ளே வரலாம். அப்போது நிறுக்கப்படுவது விபரங்கள்தான்: எத்தனை மணிக்கு மறித்தார்கள், என்ன சொன்னார்கள், சட்டத்தரணியைக் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது. வெளியே வந்த அன்றே, தூங்குமுன், இவற்றைத் தமிழிலேயே எழுதி வைத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. கைதுசெய்ய வந்த அதிகாரியின் பெயரையும் நிலையத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தடுக்கவோ விளக்கம் கொடுக்கவோ போகாதீர்கள். சட்டத்தரணி தெரியாவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் சட்ட உதவி நிறுவனத்தை 1300 888 529 இலும், விக்ரோறியா சட்ட உதவி நிறுவனத்தை 1300 792 387 இலும் அழைக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான சட்ட உதவி இலக்கம் 1800 10 18 10. தமிழில் பேச முதலில் 131 450 என்ற உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, அவர்கள் ஊடாக இணையலாம். கைத்தொலைபேசியைப் பொலிஸார் எடுத்துவிட்டால் அதில் சேமித்த இலக்கங்களும் போய்விடும். ஆகவே ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தையும் வீட்டில் ஒருவருடைய இலக்கத்தையும் கடதாசியில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.